வேலை விட்டாச்சு, காசு இன்னும் வரலையா?

கிள்ளான் துறைமுகப் பக்கம் சரக்கு அனுப்பும் ஆபிஸ் ஒன்றில் கிராணி வேலை பார்த்த தங்கச்சி ஒருத்தி, போன வருடக் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னைத் தேடி வந்தாள். துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரே சொன்னோம். தே ஆறி ஆடை படியும் வரை அவள் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வந்தது: "அக்கா, பாஸ் இன்னிக்கு நாளைக்குன்னு சொல்றாரு."

எத்தனை தடவை கேட்டாய் என்றேன். பதினோரு தடவையாம். எழுத்தில் எத்தனை தடவை? ஒன்றுகூட இல்லை. எல்லாம் போன், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஏன்டி, ஆறு வருடம் ஆபிஸில் எல்லாக் கடிதத்தையும் நீதானே டைப் பண்ணினாய், உனக்காக ஒரு கடிதம் டைப் பண்ணத் தெரியாதா?

இருபது வருடம் கணக்குப் பிரிவில் சம்பளம் போட்டவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியும். அதனால் சொல்வதைச் சொன்னபடி செய். அவளுடைய கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

அவள் சம்பளம் மாதம் 2,400 ரிங்கிட். 6 வருடம் 4 மாதம் வேலை. பிரிவை மூடுகிறோம் என்று கம்பெனியே நோட்டீஸ் கொடுத்தது. கடைசி நாள் நவம்பர் 30. இபிஎஃப்பில் சில மாதம் காணோம், 'கிராஜுவிட்டி' என்று பாஸ் வாயால் சொன்ன தொகையும் வரவில்லை.

1. இரண்டு பணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே

எல்லாரும் முதலில் செய்கிற தப்பு இதுதான். "இபிஎஃப்பும் கிராஜுவிட்டியும் குடுங்க பாஸ்" என்று ஒரே மூச்சில் கேட்பது.

இபிஎஃப் உன் பாஸ் கையில் இருக்க வேண்டிய பணமே இல்லை. உன் சம்பளத்தில் வெட்டியதும், கம்பெனி தன் பங்காகப் போடுவதும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதி வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அதை வசூலிக்கும் அதிகாரம் வாரியத்திடம் இருக்கிறது. நீ பாஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை. "சரி, அந்த இபிஎஃப் காசைக் கையில் ரொக்கமாகத் தர்றேன்" என்று சொன்னாலும் வாங்காதே. அது உன் கணக்கில்தான் ஏற வேண்டும், டிவிடெண்டோடு.

கிராஜுவிட்டி வேறு கதை. இந்தியாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. இங்கே தனியார் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. உன் வேலைக் கடிதத்திலோ கம்பெனி கையேட்டிலோ யூனியன் ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால்தான் உண்டு. ஆனால் கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்பினால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டாலும் சட்டப்படி ஒரு நஷ்டஈடு உண்டு. நம் ஆட்கள் அதையும் கிராஜுவிட்டி என்றுதான் சொல்கிறார்கள். இவளுக்கு வர வேண்டியது அதுதான். அதைக் கேட்கும் இடம் ஜபத்தான் தெனாகா கெர்ஜா, நம்ம ஊரில் 'லேபர் ஆபிஸ்'.

ஆக, இரண்டு புகார், இரண்டு கவுண்ட்டர். லேபர் ஆபிஸில் போய் இபிஎஃப் பற்றி அழுதால், எழுந்து வாரியத்துக்குப் போ என்பார்கள். பாதி நாள் லீவு வீண்.

2. முதலில் உன் போனைத் திற

KWSP i-Akaun செயலியில் உன் சந்தா மாதவாரியாக இருக்கும். சம்பளச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமாக டிக் பண்ணு. "பொதுவா ஏதோ குறையுது" என்று போகாதே. எந்த மாதம், எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இதில் ஒரு குழி இருக்கிறது, பாதிப் பேர் அதில் விழுகிறார்கள். வாரியத்தின் கணக்கில் சந்தா மாதம் என்பது சம்பள மாதத்துக்கு அடுத்த மாதம். ஆகஸ்ட் சம்பளத்தின் சந்தா செப்டம்பர் என்று காட்டும். இது தெரியாமல் "கம்பெனி ஜனவரியில் கட்டலை" என்று சண்டைக்குப் போய், அவர்கள் ரசீதைக் காட்ட, முகம் சுருங்கித் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நவம்பர் 30இல் வேலை முடிந்தால் உன் கடைசி வரி டிசம்பர் என்று இருக்க வேண்டும். அதற்கான கெடு டிசம்பர் 15. அதற்கு முன்பே புகார் எழுதி உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே.

இவளுக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நான்கு மாதச் சம்பளத்துக்குச் சந்தா இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் 264 ரிங்கிட் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதுதான் அந்த 264. முதலாளி பங்கு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் 13 விழுக்காடு. அது 312. மாதத்துக்கு 576, நான்கு மாதத்துக்கு 2,304. இந்த எண்ணைத்தான் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதச் சொன்னேன்.

மாதங்கள் எல்லாம் இருக்கிறதே என்று நிம்மதியாகவும் உட்கார்ந்துவிடாதே. தொகையைப் பார். நிலையான அலவன்ஸுக்கும் கமிஷனுக்கும் போனஸுக்கும் சந்தா உண்டு. ஓவர்டைமுக்கும் பயணப்படிக்கும்தான் இல்லை. அடிப்படைச் சம்பளம் 2,100, மாதா மாதம் 300 அலவன்ஸ் என்று கொடுத்துவிட்டு 2,100க்கு மட்டும் சந்தா கட்டுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 72 ரிங்கிட் குறையும். ஒரு வருடத்தில் 864. சத்தமே இல்லாமல் போகும் பணம்.

3. சம்பளச் சீட்டு இல்லையா? ஈஏ பாரத்தைத் தேடு

"சீட்டே கொடுத்ததில்லை அக்கா" என்பவர்களுக்கு என் குறுக்குவழி இது. வருமான வரிக்காகக் கம்பெனி பிப்ரவரிக் கடைசிக்குள் கொடுக்கும் ஈஏ பாரத்தில், அந்த வருடம் உன்னிடம் வெட்டிய இபிஎஃப் தொகை ஒரு வரியில் இருக்கும். கம்பெனி தானே எழுதிக் கொடுத்தது. வேலையை விட்டுப் போனவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

இவள் அந்த வருடம் 11 மாதம் வேலை பார்த்தாள். 264 வீதம் 2,904 ரிங்கிட் வெட்டியதாகப் பாரத்தில் இருக்க வேண்டும். வாரியத்துக்குப் போனது ஏழு மாதத்துக்கு 1,848. மீதி 1,056 எங்கே? வேறு சாட்சி எதுவும் வேண்டாம். ஒப்பிடும்போது மட்டும் அந்த ஒரு மாதத் தள்ளலை மறக்காதே. ஜனவரிச் சம்பளத்தைப் பிப்ரவரி வரியோடு பொருத்து.

ஈஏவும் இல்லையென்றால், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட். கையில் வந்த தொகை சம்பளத்தைவிட எவ்வளவு குறைவு என்று அதில் தெரியும். ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவள் என்றால் வேலைக் கடிதம், வருகைப் பதிவின் படம், பாஸ் அனுப்பிய மெசேஜ் என்று கிடைத்ததை எல்லாம் சேர்.

4. பழைய ஆபிஸுக்கு ஒரே ஒரு கடிதம்

நேராகப் புகார் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடச் சொல்வேன். பாதிக் கேஸ் அதிலேயே முடியும். கணக்குப் பிரிவில் இருக்கும் பிள்ளைக்கு உன் பணத்தைப் பிடித்து வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் அவளால் பாஸிடம் நீட்ட முடியும். நானே அந்த நாற்காலியில் இருந்தவள், அதனால் சொல்கிறேன்.

மலாயில் எழுது. பிறகு லேபர் ஆபிஸில் அப்படியே காட்டலாம். முழுப் பெயர், ஐசி எண், வேலையில் சேர்ந்த தேதி, முடிந்த தேதி, காணாமல் போன மாதங்கள், ஒவ்வொன்றுக்கும் தொகை, மொத்தம். கடைசியில் "7 நாளில் எழுத்தில் பதில் வேண்டும்". அவ்வளவுதான், அரைப் பக்கம். ஆறு வருடம் உழைத்த கதையும், மேனேஜர் திட்டிய கதையும், பிள்ளை ஸ்கூல் ஃபீஸும் அதில் வேண்டாம். "கட்டலைன்னா ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்றும் எழுதாதே. அதை வாரியம் பார்த்துக்கொள்ளும்.

மின்னஞ்சலை ஹெச்ஆருக்கும் இயக்குநருக்கும் சேர்த்தே போடு. பதில் இல்லையென்றால் அதையே அச்செடுத்து ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்து. பாஸ் போனில் கூப்பிட்டு "வெள்ளிக்கிழமை போட்டுடறேன்" என்றால், போனை வைத்ததும் "இன்று போனில் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வாய்ப்பேச்சைக் காகிதமாக்கும் வேலை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

5. ஏழு நாள் ஆச்சா? வாரியத்துக்குப் போ

சந்தா கட்டாத முதலாளி மேல் புகார் கொடுப்பது வாரியத்தில் தினம் நடக்கும் வேலை. கிள்ளானில் கிளை இருக்கிறது, அங்கேயே போகலாம். ஐசி, வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு அல்லது பேங்க் ஸ்டேட்மென்ட், நீ போட்ட மாதவாரிப் பட்டியல், அனுப்பிய மின்னஞ்சல், எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொண்டு போ. புகார் எண் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதே. அடுத்த முறை அந்த எண்ணைச் சொன்னால் போதும், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம்.

பாஸ் "கம்பெனியில காசில்ல" என்று சொன்னால் மனம் இளகிவிடாதே. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1991இல் தாமதமாகக் கட்டினால் வட்டியும் உண்டு, உனக்கு விட்டுப்போன டிவிடெண்டும் முதலாளி தலையில். சம்பளத்தில் வெட்டிவிட்டு வாரியத்துக்குக் கட்டாமல் வைத்திருப்பது தனிக் குற்றம். 6 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி கடனுக்கு இயக்குநர்களும் சொந்தப் பொறுப்பு. பாக்கி இருக்கும் இயக்குநர் நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்கவும் வாரியத்தால் முடியும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும் நேரத்தில் சில பாஸ்களுக்குத் திடீரென்று காசு கிடைப்பது இதனால்தான்.

6. கிராஜுவிட்டி: எப்படி வெளியே வந்தாய் என்பதில்தான் எல்லாம்

இதை நிதானமாகப் படி.

ஆட்குறைப்பு நஷ்டஈடு 1980ஆம் ஆண்டு விதிகளின்படி வருவது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவர்களுக்கு. ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். 2 வருடத்துக்குக் குறைவு என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5க்குள் என்றால் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிந்த 7 நாளில் தந்தாக வேண்டும்.

இவள் கணக்கு: கடைசி 12 மாதச் சம்பளம் 28,800. அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 78.90 ரிங்கிட். 6 வருடம் 4 மாதத்துக்கு, வருடத்துக்கு 20 நாள் வீதம், ஏறக்குறைய 126.67 நாள். பெருக்கினால் கிட்டத்தட்ட 9,994 ரிங்கிட். கெடு டிசம்பர் 7. பாஸ் வாயால் சொன்ன 'கிராஜுவிட்டி' எவ்வளவு தெரியுமா? ஐயாயிரம். அதையும் ஏதோ தர்மம் மாதிரி சொல்லியிருக்கிறார். இவளும் "தேங்க்ஸ் பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

இப்போது முக்கியமானது. நீயே ராஜினாமா கொடுத்தால் இந்த நஷ்டஈடு இல்லை. ஓய்வு வயதில் போனாலும், ஒழுங்கு விசாரணையில் நீக்கினாலும் இல்லை. அதனால்தான் சில கம்பெனிகள் ஆளைக் குறைக்கும்போது, "உன் ரெக்கார்டு நல்லா இருக்கட்டும், ரிசைன் லெட்டர் குடுத்துடு" என்று தேன் தடவிப் பேசும். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இப்படித்தான் ஒரே வாரத்தில் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். டைப் பண்ணிக் கொடுத்தது நான்தான், இன்றுவரை உறுத்துகிறது. ஒரே மாதிரி ஒன்பது ராஜினாமா, தேதியும் ஒன்றே.

கையெழுத்துப் போட்டு விட்டாயா? ஓடு, காலம் இருக்கிறது. கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள் என்றால் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். வேலை இழந்தவருக்கான பெர்கெசோ உதவித்தொகைக்கும் அதே 60 நாள்தான். பாஸ் தருவார் தருவார் என்று காத்திருந்து இந்த இரண்டையும் விட்டவர்கள் அதிகம்.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பணம் கணக்கில் ஏறாமல் அதில் கையெழுத்து வேண்டாம். குறைந்த தொகைக்கும் வேண்டாம்.

7. "வரி கிளியரன்ஸ் வரலை" என்றால்

இது பாதி உண்மையான சாக்கு, அதனால்தான் ஆபத்து. ஆள் வேலையை விடும்போது சில நேரம் கம்பெனி வருமான வரி வாரியத்துக்கு சிபி22ஏ பாரம் அனுப்பி, கடைசித் தொகையைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: வாரியம் பாரத்தைப் பெற்றதிலிருந்து 90 நாள், அல்லது அதற்குள் கிளியரன்ஸ் கடிதம் வந்துவிட்டால் அதுவரை. ஆனால் மாதாமாதம் பிசிபி வெட்டப்பட்டவர், அல்லது வெட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாதவர், ஓய்வு பெறாமல் இங்கேயே வேறு வேலைக்குப் போகிறவர் என்றால் பொதுவாக அந்தப் பாரமே தேவையில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பாரம் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், நகல் தாருங்கள்." உண்மையில் அனுப்பியவர் உடனே தருவார். அனுப்பாதவர் பேச்சை மாற்றுவார். இவள் பாஸ் மாற்றினார். அப்புறம் இன்னொன்று, இந்த வரிச் சாக்கு இபிஎஃப்புக்குச் செல்லவே செல்லாது.

8. லேபர் ஆபிஸ்

வேலை செய்த இடம் எந்த வட்டாரமோ அங்கே போ, வீடு எங்கே என்பது கணக்கில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்து கிள்ளானில் வேலை பார்த்தால் கிள்ளான் பக்கம்தான். வக்கீல் வேண்டாம். அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார். தீராவிட்டால் விசாரணை நடத்தி உத்தரவு போடுவார். அதையும் மதிக்காவிட்டால் செஷன்ஸ் கோர்ட்டில் பதிந்து தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம். ஒப்பந்தத்தில் எழுதிய கிராஜுவிட்டியும் இங்கேதான் கேட்கலாம். எழுதிய பக்கத்தை மட்டும் கொண்டு போகாதே, முழு ஒப்பந்தத்தையும் கொண்டு போ. "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று வேறொரு பக்கத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும், அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார்.

கூப்பிட்ட தேதிக்குப் போகாமல் இருந்துவிடாதே. புது வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றால் முன்கூட்டியே எழுதித் தேதி மாற்று. நீ வராவிட்டால் கேஸ் மூடப்படும், பாஸ் சிரிப்பார்.

கம்பெனியே மூடப்போகிறது என்று காதில் விழுந்தால் மேலே சொன்ன கடிதம், ஏழு நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. அன்றே இரண்டு புகாரும் போட வேண்டும். கலைப்பாளர் வந்துவிட்டால் அவரிடம் உன் கடனை எழுத்தில் பதிந்துகொள்.

நம் தங்கச்சி ஜனவரியில் இரண்டு இடத்திலும் புகார் போட்டாள். லேபர் ஆபிஸ் கூப்பிட்ட முதல் நாளே பாஸ் 9,994ஐ மூன்று தவணையாகத் தருவதாக ஒத்துக்கொண்டார். தவணைத் தேதிகளை அதிகாரி முன்னால் எழுதி வாங்கச் சொன்னேன், வாங்கினாள். இபிஎஃப்பில் மூன்று மாதம் ஏறிவிட்டது. டிசம்பர் வரி இன்னும் காலி. புகார் எண்ணை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மறுபடி போகிறாள். இந்த முறை நகல் எல்லாம் ஒரே ஃபைலில், மாதவாரியாக.